36 நிமிடத்தில் பதில், 68 மணி நேரத்தில் தீர்வு: ஓர் ஈஆர்பி எஸ்எல்ஏ-வின் கதை

2024 மார்ச் 30, சனிக்கிழமை, மதியம் 2.40. டெஸ்பாட்ச் பகுதியிலிருந்து போன் வந்தது. "சார், பூனா லோடுக்கு பில் போட்டா ஐஆர்என் வரமாட்டேங்குதுங்க. வண்டி கேட்லயே நிக்குது." ஐஆர்என் என்பது, பில்லை ஏற்றுக்கொண்டதும் அரசின் இன்வாய்ஸ் பதிவுத் தளம் தரும் பதிவு எண்.

முந்தைய நாள் புனித வெள்ளி. மறுநாள் ஞாயிறு, அதுவும் நிதியாண்டின் கடைசி நாள். திங்கட்கிழமை ஆண்டுக் கணக்கு முடிப்புக்காக வங்கிகள் பொதுமக்களுக்கு இல்லை. கோவையில் மோட்டாரும் பம்பும் செய்யும் எங்கள் கம்பெனிக்கு இதைவிட மோசமான சனிக்கிழமை வாய்த்திருக்க முடியாது. ஆண்டு முடிவுக்குள் சரக்கு வெளியேறினால்தான் அது அந்த ஆண்டின் விற்பனை. ஒன்பது லோடு அன்றைக்குப் போக வேண்டியிருந்தது.

அந்தப் பிரச்சினை முழுதாகத் தீர்ந்தது செவ்வாய்க்கிழமை காலை 11.20-க்கு. எங்கள் பில்லும் கணக்கும் ஓடும் ஈஆர்பி மென்பொருளை அமைத்துக் கொடுத்து, அதற்கான ஆதரவையும் கவனித்துவந்த பார்ட்னர் நிறுவனம் அடுத்த மாதம் எஸ்எல்ஏ அறிக்கை அனுப்பியது. ஒவ்வொரு புகாரும் ஒப்பந்தத்தில் சொன்ன நேரத்துக்குள் கவனிக்கப்பட்டதா என்று காட்டும் அறிக்கை அது. அதில் எங்கள் புகாரின் டிக்கெட்டுக்கு நேராகப் பச்சை நிறம் இருந்தது. அதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்கு உறைத்தது. ஒப்பந்தப்படி எல்லாமே நேரத்துக்குள் நடந்திருந்தது. அது எப்படி என்பதையும், அந்தக் காகிதத்தை நாங்கள் எப்படித் திருத்தினோம் என்பதையும் இங்கே எழுதுகிறேன். பார்ட்னரின் பெயர் வேண்டாம். அவர்கள் இன்னும் எங்களோடுதான் இருக்கிறார்கள்.

என்ன உடைந்தது

வியாழக்கிழமை மாலை பார்ட்னர் ஒரு சிறு பேட்ச் போட்டிருந்தார்கள். வேறொரு அறிக்கைக்கான திருத்தம் அது. சரி என்று நாங்களும் மின்னஞ்சலில் ஒப்புதல் கொடுத்திருந்தோம். ஆண்டு முடிவுக்கு மூன்று நாள் முன்பு, நீண்ட விடுமுறைக்கு முந்தைய மாலையில் ஏன் பேட்ச் போட வேண்டும் என்று இரு தரப்பிலும் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான்.

அந்தப் பேட்ச், லாரி வாடகையை பில்லில் தனி வரியாகச் சேர்க்கும் இடத்தைத் தொட்டுவிட்டது. எங்கள் பில்களில் பெரும்பாலானவற்றில் வாடகை வராது. வாங்குகிறவரே லாரிக்குக் கொடுத்துவிடுவார். சில வெளிமாநில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் நாங்கள் வாடகை கட்டி, அதை பில்லில் ஏற்றுவோம். பேட்ச்சுக்குப் பிறகு அந்த வாடகை வரி, அரசின் இன்வாய்ஸ் பதிவுத் தளத்துக்குப் போகும் தரவிலிருந்து விழுந்துவிட்டது. ஆனால் மொத்தத் தொகையில் மட்டும் வாடகை அப்படியே இருந்தது. பூனா பில் இப்படித்தான் போனது:

```json
"ValDtls": {
  "AssVal": 412500.00,
  "IgstVal": 74250.00,
  "OthChrg": 0,
  "RndOffAmt": 0,
  "TotInvVal": 492650.00
}
```

சரக்கின் மதிப்பு 4,12,500 ரூபாய், அதற்கு 18 சதவீத ஐஜிஎஸ்டி 74,250 ரூபாய். இரண்டும் சேர்ந்து 4,86,750. மொத்தத்திலோ 4,92,650 என்று இருக்கிறது. இடையில் காணாமல்போன 5,900 ரூபாய், வாடகை 5,000-மும் அதற்கான வரி 900-மும். கூட்டல் பொருந்தாத பில்லைப் பதிவுத் தளம் ஏற்காது. மொத்தத் தொகை தவறு என்று 2189 என்ற பிழை எண்ணோடு திருப்பி அனுப்பிவிடும். ஐஆர்என் கட்டாயமான நிறுவனம் அது இல்லாமல் பில் கொடுத்தால் ஜிஎஸ்டி விதி 48(5)-இன்படி அது பில்லே இல்லை. வண்டியை அப்படியே அனுப்பி, வழியில் சோதனையில் மாட்டினால் வண்டியும் சரக்கும் அங்கேயே நின்றுவிடும்.

இதைக் கண்டுபிடிக்க, விஷயம் தெரிந்த ஒருவருக்கு அரை மணி நேரம் போதும். அனுப்பிய தரவைத் திறந்து கூட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அந்த ஒருவரிடம் டிக்கெட் போய்ச் சேரவே ஒன்றரை நாளுக்கு மேல் ஆனது.

டிக்கெட் போன வழி

3.05-க்கு டிக்கெட் போட்டோம். முன்னுரிமை பி1, அதாவது மிக அவசரம். மூன்று நிமிடத்தில் தானியங்கி பதில் வந்தது. 3.41-க்கு எல்1 என்ற முதல்நிலை ஆதரவு மேசையிலிருந்து ஒருவர் எழுதினார்: பில் எண் என்ன, திரையின் படம் அனுப்புங்கள். டிக்கெட்டின் நிலை "வாடிக்கையாளரின் பதிலுக்காகக் காத்திருக்கிறது" என்று மாறியது. ஒப்பந்தத்தில் பி1-க்குப் பதில் நேரம் 1 மணி. 36 நிமிடத்தில் பதில் வந்துவிட்டது. அந்தக் கட்டம் முடிந்தது.

படங்களை 3.58-க்கு அனுப்பினோம். 4.30-க்கு அதே நபரிடமிருந்து அடுத்த மின்னஞ்சல். மற்ற பில்களுக்கு ஐஆர்என் வருவதைப் பார்த்ததாகவும், அதனால் இது "முழு நிறுத்தம்" அல்ல, "பகுதி பாதிப்பு" என்றும் சொல்லி டிக்கெட்டைப் பி2-ஆக மாற்றியிருந்தார். அடுத்த நிலையான எல்2-க்கு அனுப்பிவிட்டதாகவும் எழுதியிருந்தார்.

அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. அவர் கையில் இருந்த காகிதத்தில் பி1-க்கு எழுதியிருந்த வரையறை: "உற்பத்திச் சூழல் முழுமையாகச் செயலிழத்தல், மாற்று வழி ஏதுமில்லை." எங்கள் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து பில்களில் நான்கு போய்க்கொண்டிருந்தன. வாடகை உள்ள பில்கள் மட்டுமே நின்றன. அவர் பார்வையில் அது சரியான வகைப்பாடு. கேட்டில் நின்ற ஒன்பது வண்டிகள் அந்த வரையறையில் எங்குமே இல்லை.

பி2 ஆனதும் இரண்டு விஷயங்கள் தானாக நடந்தன. தீர்வுக்கான நேரம் 4 மணியிலிருந்து 16 மணி ஆனது. அந்த மணிகளும் வேலை நேரத்தில் மட்டுமே எண்ணப்பட்டன. வேலை நேரம் என்றால் திங்கள் முதல் வெள்ளி, காலை 9.30 முதல் மாலை 6.30 வரை. ஆகவே சனி 4.30 முதல் திங்கள் 9.30 வரை கடிகாரம் ஓடவே இல்லை. பிரச்சினை மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"24 மணி நேர ஆதரவு" என்று ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருந்ததை அன்று மாலை திரும்ப எடுத்துப் படித்தேன். இருந்தது உண்மைதான். நான்காம் பக்கத்தில் இன்னொரு அட்டவணையும் இருந்தது: எல்1 மேசை எப்போதும் உண்டு, எல்2 வார நாட்களில் மட்டும், எல்3 "தேவைப்பட்டால்". எல்1 என்பவர் டிக்கெட்டைப் பதிந்து, பாஸ்வேர்டு மாற்றிக் கொடுத்து, தெரிந்த கேள்விக்குத் தெரிந்த பதில் சொல்பவர். உங்கள் கம்பெனியின் வாடகை வரி எந்த அமைப்பில் எப்படி ஏறுகிறது என்று தெரிந்தவர் எல்2-இல் இருக்கும் கன்சல்டன்ட். நிரலைத் திருத்துபவர் எல்3. ஆக, 24 மணி நேரமும் எங்களுக்குக் கிடைத்தது டிக்கெட்டை வாங்கி வைக்க ஓர் ஆள். நேரங்கள் ஓர் அட்டவணையில், அடுக்குகள் இன்னொன்றில், இரண்டையும் இணைக்கும் வரி எங்குமே இல்லை. எல்1-இலிருந்து எல்2-க்கு எவ்வளவு நேரத்தில் கைமாற வேண்டும் என்பதை யாரும் எழுதவில்லை.

அந்த இரவு

சரக்கு போகாமல் இருக்க முடியாது. அரசின் இன்வாய்ஸ் தளத்தில் எக்செல் கருவி ஒன்று உண்டு. பில் விவரங்களைக் கையால் நிரப்பினால் அது தரவுக் கோப்பாக மாற்றித் தரும், அதைத் தளத்தில் ஏற்றி ஐஆர்என் வாங்கலாம். கணக்குப் பிரிவில் இருவர் மாலை 6 மணிக்கு உட்கார்ந்தார்கள். தளத்தில் நுழைய ஓடிபி வேண்டும். அது போனது எங்கள் முதன்மைக் கணக்கரின் கைபேசிக்கு. அவர் குடும்பத்தோடு பழனி மலையில் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். ஒவ்வொரு முறை தளம் வெளியே தள்ளும்போதும் அவரைக் கூப்பிட்டு ஓடிபி வாங்கினோம். மூன்றாவது முறை, "தம்பி, சாமி கும்பிட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார்.

ராத்திரி 9.30-க்குள் நான்கு லோடு வெளியேறியது. மீதி ஐந்தும் ஞாயிறு மதியம் போனது. ஆண்டு விற்பனை தப்பியது. ஆனால் ஈஆர்பியில் அந்த ஒன்பது பில்களும் "தோல்வி" என்ற நிலையிலேயே கிடந்தன. திங்கள் காலை யாரோ பழக்கத்தில் "மீண்டும் அனுப்பு" பொத்தானை அழுத்த, ஒன்பதுக்கும் 2150 என்ற பிழை வந்தது. அதே பில் எண்ணுக்கு ஏற்கெனவே ஐஆர்என் இருக்கிறது என்று அர்த்தம். மாற்று வழியாக ஐஆர்என்-ஐ வெளியே வாங்கினால் அதை உள்ளே திருப்பி ஏற்ற ஒரு வழியும் சேர்த்தே இருக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரிந்தது. அதற்குள் குழப்பம் இரண்டு மடங்காகியிருந்தது.

7 மணி 55 நிமிடம் எங்கிருந்து வந்தது

திங்கள் 9.30-க்கு எல்2 டிக்கெட்டைக் கையில் எடுத்தார். 10.50-க்கு அனுப்பிய தரவின் பதிவைக் கேட்டார். கடிகாரம் நின்றது. நாங்கள் கொடுத்தது 12.15-க்கு. கடிகாரம் மறுபடி ஓடியது. மாலை 6 மணிக்கு எல்3-இன் திருத்தம் சோதனை சர்வருக்கு வந்தது. "வாடிக்கையாளர் சோதனைக்காக" என்று கடிகாரம் மறுபடி நின்றது. செவ்வாய் 10.30-க்கு நாங்கள் சரி என்றோம். 11.20-க்கு நேரடி சர்வரில் ஏறியது.

பார்ட்னரின் கணக்குப்படி ஓடிய நேரம்: 1 மணி 20 நிமிடம், 5 மணி 45 நிமிடம், கடைசியாக 50 நிமிடம். கூட்டினால் 7 மணி 55 நிமிடம். வரம்பு 16 மணி. பாதிகூட ஆகவில்லை. எங்கள் சுவர்க் கடிகாரப்படி சனி 3.05 முதல் செவ்வாய் 11.20 வரை 68 மணி 15 நிமிடம்.

சரி, அந்த டிக்கெட் வரம்பைத் தாண்டியிருந்தால்தான் என்ன ஆகியிருக்கும்? அதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாத ஆதரவுக் கட்டணம் 1.5 லட்சம். மாதத்தின் மொத்த டிக்கெட்டுகளில் 90 சதவீதம் நேரத்துக்குள் முடிந்தால் கட்டணத்தில் கழிவு கிடையாது. அந்த மாதம் 22 டிக்கெட். ஒன்று தவறினாலும் 95 சதவீதத்துக்கு மேல் வந்துவிடும். அந்த 22-இல் ஆறு, பாஸ்வேர்டு மறந்தவர்களுடையது. பாஸ்வேர்டு டிக்கெட்டும் ஆண்டு முடிவில் நின்ற பில்லும் அந்தச் சராசரியில் ஒரே எடை. 90-க்கும் கீழே போனால்கூடக் கழிவின் உச்சவரம்பு 5 சதவீதம், அதாவது 7,500 ரூபாய்.

பேச்சுவார்த்தை

ஒப்பந்தம் ஜூலையில் புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஜூனில் இரண்டு முறை உட்கார்ந்தோம். முதல் கூட்டத்தில் எங்கள் எம்.டி. கோபத்தில், "எல்லா டிக்கெட்டையும் 4 மணி நேரத்துல முடிக்கணும்னு எழுதுங்க" என்றார். பார்ட்னரின் டெலிவரி பொறுப்பாளர் எதிர்த்து வாதாடவில்லை. "எழுதலாங்க சார். எங்ககிட்ட லாஜிஸ்டிக்ஸ் தெரிஞ்ச எல்2 ஒருத்தர்தான். அவரு நாலு கஸ்டமரப் பாக்குறாரு" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் பேச்சைத் திருப்பியது. எஸ்எல்ஏ-வில் எழுதும் ஒவ்வொரு மணி நேரத்துக்குப் பின்னாலும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் கொடுப்பது கடைசியில் நாங்கள்தான். ஞாயிறு உட்பட எல்2-ஐ 24 மணி நேரமும் வைக்க எவ்வளவு என்று கேட்டோம். 60 சதவீதம் கூடுதல் என்றார்கள். 1.5 லட்சம் 2.4 லட்சம் ஆகும். எங்களுக்கு அது தேவையா என்று கடந்த ஆண்டின் டிக்கெட்டுகளை நாள்வாரியாகப் பிரித்துப் பார்த்தோம். உண்மையான அவசரம் வந்ததெல்லாம் மாத முடிவிலும் சனிக்கிழமை மாலையிலும்தான். நடுராத்திரி 2 மணிக்கு எங்களுக்கு ஆள் தேவைப்பட்டதே இல்லை. ஷிப்ட் நடக்கும்தான், ஆனால் அந்த நேரத்தில் பில் போடுவதில்லை.

அதனால் கடிகாரத்தை விட்டுவிட்டு காலண்டரை வைத்துப் பேரம் பேசினோம். எல்2 போனில் கிடைக்க வேண்டியது திங்கள் முதல் சனி வரை இரவு 8 மணி வரை. ஒவ்வொரு மாதமும் கடைசி மூன்று நாட்களிலும், மார்ச் 25 முதல் ஏப்ரல் 5 வரையிலும், ஞாயிறும் சேர்த்து இரவு 10 மணி வரை. இதற்கு ஈடாக எல்1 மேசை எங்களுக்கு வேண்டாம் என்றோம். எங்கள் ஆட்கள் இருவரை முதல்நிலைப் பயனர்களாகப் பயிற்றுவித்து, பாஸ்வேர்டு முதல் சின்ன விஷயங்கள் வரை அவர்களே பார்ப்பது, அவர்கள் போடும் டிக்கெட் நேராக எல்2-க்குப் போவது என்று ஏற்பாடு. கட்டணம் 1.72 லட்சத்தில் நின்றது.

அடுத்தது முன்னுரிமை. இதில்தான் அதிக நேரம் போனது. "முழுச் செயலிழப்பு" போன்ற சொற்களை எடுத்துவிட்டு, எங்கள் தொழிலில் நடக்கும் சம்பவங்களை எழுதினோம். கடைசியில் ஒப்பந்தத்தில் நின்ற வரி இது:

> அனுப்பத் தயாராக உள்ள ஒரு சரக்குக்கேனும் பில், ஐஆர்என் அல்லது இ-வே பில் எடுக்க முடியாமல் 30 நிமிடம் கடந்தால் அது பி1. மற்ற பில்கள் எடுக்க முடிவது இதை மாற்றாது. முன்னுரிமையை முதலில் முடிவு செய்பவர் வாடிக்கையாளர். மறுப்பு இருந்தால் பிரச்சினை தீர்ந்த பிறகு மாதக் கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

இப்படி மொத்தம் ஆறு சம்பவங்கள் பி1 ஆயின. கேட்டில் வந்த மூலப்பொருளை வரவு வைக்க முடியாமல் போவது ஒன்று, சம்பள நாளில் வங்கிக் கோப்பு உருவாகாமல் போவது ஒன்று.

"நீங்க எல்லாத்தையும் பி1-னு போட்டுட்டா நாங்க என்ன பண்றது?" என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. மாதத்துக்கு இரண்டு தவறான பி1 வரை பொறுத்துக்கொள்வது, மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கில் தனி பில் போடுவது என்று ஒப்புக்கொண்டோம். முதல் மாதமே எங்கள் ஸ்டோரில் ஒருவர் லேபிள் பிரின்டர் ஓடவில்லை என்று பி1 போட்டார். காகிதம் தீர்ந்திருந்தது.

மூன்றாவது, நேரத்தின் அர்த்தம். "பதில்" என்ற சொல்லுக்கு நாங்கள் கேட்ட வரையறை: எங்கள் சிஸ்டத்தைத் திறந்து பார்க்கக்கூடிய ஆள் 30 நிமிடத்துக்குள் போனில் பேசுவது. மின்னஞ்சல் கணக்கில் வராது. இதை ஒப்புக்கொண்டார்கள். தீர்வு நேரத்துக்கு உத்தரவாதம் தர மறுத்துவிட்டார்கள். மூலப் பிழை மென்பொருளைத் தயாரித்த நிறுவனத்திடம் இருந்தால் அவர்கள் கையில் எதுவும் இல்லை என்பது உண்மைதான். அதனால் தீர்வை இரண்டாகப் பிரித்தோம். 4 மணி நேரத்துக்குள் வண்டி போக ஒரு மாற்று வழி, 3 வேலை நாட்களுக்குள் நிரந்தரத் திருத்தம். முதலாவது கட்டாயம். இரண்டாவதில் மூன்றாம் தரப்பின் பிழைக்கு விலக்கு உண்டு, ஆனால் அந்த மூன்றாம் தரப்பைத் துரத்துவதும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எங்களுக்குச் சொல்வதும் பார்ட்னரின் வேலை.

கடிகாரத்தை நிறுத்தும் உரிமையையும் சுருக்கினோம். ஒரு டிக்கெட்டுக்கு ஒரே ஒருமுறை, தேவையானதையெல்லாம் ஒரே பட்டியலாகக் கேட்டால் மட்டும். பி1-இல் எங்கள் சோதனை நேரமும் கணக்கில் சேரும். இதற்கு எங்கள் பக்கமும் ஒரு விலை உண்டு: சோதிக்க ஆளை நாங்கள் தயாராக வைத்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லாவிட்டால் கடிகாரம் நின்றுவிடும்.

பேட்ச் விஷயம் இரண்டே வரியில் முடிந்தது. மாதத்தின் கடைசி ஐந்து வேலை நாட்களிலும் விடுமுறைக்கு முந்தைய நாளிலும் நேரடி சர்வரில் எதுவும் ஏற்றக் கூடாது. இதற்கு எதிர்ப்பே இல்லை. அவர்களும் நிம்மதியடைந்தார்கள் என்று நினைக்கிறேன்.

கழிவை மாதச் சராசரியிலிருந்து பிரித்து, பி1 தவறினால் ஒவ்வொன்றுக்கும் மாதக் கட்டணத்தில் 5 சதவீதம், அதாவது 8,600 ரூபாய், உச்சம் 15 சதவீதம் என்று வைத்தோம். ஆண்டு முடிவில் நின்ற லோடுக்கு இது ஈடாகாது. ஈடு கேட்டிருந்தால் அவர்கள் கையெழுத்தே போட்டிருக்க மாட்டார்கள். எனக்கு முக்கியமாகப் பட்டது அதற்கு அடுத்த வரி: ஒரு காலாண்டில் மூன்று பி1 தவறினால், 30 நாள் அறிவிப்பில் ஒப்பந்தத்தை முடிக்கலாம், அமைப்பு ஆவணங்களையும் பாஸ்வேர்டுகளையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்த ஆவணங்கள் அப்போது இல்லவே இல்லை என்பது வேறு கதை. இந்த வரிக்காகவே ஆகஸ்டில் உட்கார்ந்து எழுதினார்கள்.

அக்டோபர் 30

புது ஒப்பந்தத்துக்கு முதல் சோதனை தீபாவளிக்கு முந்தைய நாள் வந்தது. 2024-இல் தீபாவளி அக்டோபர் 31, வியாழன். மாத முடிவும் அதே நாள். புதன் மாலை 6.20-க்கு மறுபடி ஐஆர்என் வரவில்லை. இந்த முறை எந்த பில்லுக்குமே வரவில்லை. ஏழு வண்டிகள்.

6.34-க்கு எல்2 போனில் வந்தார். 14 நிமிடம். திரையைப் பகிர்ந்து, பிழை எங்கள் ஈஆர்பியில் இல்லை, எங்களுக்கும் அரசுத் தளத்துக்கும் இடையில் தரவைக் கொண்டுபோகும் இடைநிலைச் சேவையில் இருக்கிறது என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிட்டார். பழைய ஒப்பந்தமாக இருந்திருந்தால் "மூன்றாம் தரப்பு" என்று எழுதி டிக்கெட்டை மூடியிருக்கலாம். இப்போது 4 மணி நேர மாற்று வழி அவருடைய கடமை.

மார்ச்சுக்குப் பிறகு அவர்கள் ஈஆர்பியில் இரண்டு பொத்தான்கள் செய்து கொடுத்திருந்தார்கள். ஒன்று, பில்லின் தரவைக் கோப்பாக இறக்கும். மற்றொன்று, தளத்தில் ஐஆர்என் வாங்கிய பிறகு வரும் கோப்பை ஈஆர்பிக்குள் திருப்பி ஏற்றும். ஓடிபிக்காக டெஸ்பாட்ச் பிரிவில் இருவருக்குத் தளத்தில் துணைப் பயனர் கணக்கும் இருந்தது. யாரும் பழனிக்குப் போன் போட வேண்டியிருக்கவில்லை. கோப்பை இறக்கி, தளத்தில் ஏற்றி, திருப்பி உள்ளே வைத்து, ஏழாவது வண்டி கேட்டைத் தாண்டியது 8.05-க்கு. 2150 பிழை ஒன்றுகூட வரவில்லை.

இடைநிலைச் சேவையில் என்ன கோளாறு என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அவர்கள் பக்கம் ஒரு சான்றிதழ் காலாவதியாகியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வர வேண்டிய தகவல் தீபாவளியன்று இரண்டு முறை வரவில்லை. மாதக் கூட்டத்தில் சொன்னோம், குறித்துக்கொண்டார்கள். கழிவு கேட்கவில்லை. அதற்குக் கழிவு எழுதவும் இல்லை.

இன்னும் தீராத ஒரு விஷயம் உண்டு. அன்று 14 நிமிடத்தில் போன் செய்த அந்த எல்2 கன்சல்டன்ட் ஜனவரியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். எங்கள் வாடகை வரி, ஐஆர்என் அமைப்பு எல்லாம் அவர் கைவண்ணம். குறிப்பிட்ட ஆள் மாறினால் 30 நாள் முன்பே சொல்ல வேண்டும், புதியவர் இரண்டு வாரம் அவரோடு சேர்ந்து வேலை பார்க்க வேண்டும் என்று ஜூனிலேயே கேட்டிருந்தோம். "ஆள் எங்க கையில இல்லைங்க சார்" என்று மறுத்துவிட்டார்கள். புதியவர் நல்லவர், போனும் நேரத்துக்கு எடுக்கிறார். முதல் கேள்வி மட்டும் ஒவ்வொரு முறையும் ஒன்றுதான்: "வாடகை எந்த மாடூல்ல வருதுங்க?" ஆகஸ்டில் எழுதிய ஆவணத்தின் 11-ஆம் பக்கத்தைத் திறந்து காட்டுகிறோம். அடுத்த புதுப்பிப்புக்கான பட்டியலில் முதல் வரியாக ஆள்மாற்ற விதியைத் திரும்பவும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த முறை அதற்கு என்ன விலை சொல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.